மாவுக் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய இரண்டு பக்கக் கணக்கை நேற்று மண்டியில் கூட்டம் குறைந்த பிறகு நிதானமாகப் படித்தேன். போனில் பேசினால் எண்கள் காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன். உன் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் சொல்வதை ஒவ்வொன்றாக நீயே போட்டுப் பார். மனதுக்குள் போடாதே, பேனாவால் போடு.

திருமங்கலத்தில் இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் யோசனை நல்ல யோசனைதான். கம்பெனியில் கணக்கு முடித்துக் கொடுத்த 4 லட்சம் ரூபாயில் 2,10,000 ரூபாய்க்குக் கடையும் மெஷினும் அமைத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். தினம் 77 கிலோ விற்றால் நட்டமில்லை என்கிறாய். மீதி 1,90,000 கையில் பத்திரமாக இருக்கும் என்று கடைசியில் அடிக்கோடு போட்டிருக்கிறாய். எனக்கு உறுத்தியது அந்த அடிக்கோடுதான்.

கீழமாசி வீதியில் அரிசியும் உளுந்தும் விற்கிற எனக்கு, மாவுக் கடைக்காரர்களின் கதை என் பேரேட்டிலேயே தெரியும். முதலில் மூட்டையாக எடுப்பார்கள், பிறகு அரை மூட்டை. அதற்குப் பிறகு, "அண்ணே, இந்த வாரம் எழுதிக்கங்க" என்பார்கள். ஒரு நாள் வரவே மாட்டார்கள். பெரும்பாலும் இது நடப்பது மூன்றாம் மாதத்துக்கும் ஐந்தாம் மாதத்துக்கும் இடையில். அவர்களில் பலருடைய மாவு நன்றாகவே இருந்தது, வியாபாரமும் மாதாமாதம் கூடிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த மூட்டைக்குக் காசு இல்லாமல் போனதுதான் காரணம். ஆகவே நீ போடவேண்டிய கணக்கு இரண்டு. எவ்வளவு விற்றால் கட்டுப்படியாகும் என்பது ஒன்று. அந்த அளவை எட்டும்வரை கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது இன்னொன்று. நீ முதல் கணக்கைப் பாதி போட்டிருக்கிறாய். இரண்டாவதைப் போடவே இல்லை.

ஒரு கிலோவில் எவ்வளவு மிஞ்சும் என்பதில் இருந்து தொடங்குவோம். 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ முழு உளுந்து என்று எடுத்திருக்கிறாய். அரிசி கிலோ 45, உளுந்து 130, வெந்தயமும் உப்பும் 10 ரூபாய் என்று வைத்தால் 320 ரூபாய். அதிலிருந்து பாக்கெட்டில் அடைக்கத்தக்க மாவு 12 கிலோ என்று கணக்கெடுத்திருக்கிறாய் பார், அது எனக்குப் பிடித்தது. நிறைய பேர் 15 கிலோ என்று எழுதுவார்கள். தண்ணீரை விட்டால் 15 கிலோ வரும், இட்லி தட்டையாகப் போகும், வாங்கினவர் மறுபடி வாங்கமாட்டார். டிரம்மிலும் குழவியிலும் ஒட்டிக்கொண்டு போவதும் இருக்கிறது. 12 என்பது நியாயமான எண். அப்படியானால் கிலோவுக்குச் சரக்குச் செலவு ஏறக்குறைய 27 ரூபாய். கவரும் அரைக்கிற கரண்டும் 3 ரூபாய். ஆக 30. கடைக்காரருக்கு நீ 45-க்குக் கொடுத்து, அவர் 55-க்கு விற்கிறார். உனக்கு மிஞ்சுவது 15 ரூபாய்.

இந்த 15 ரூபாய்தான் உன் வாடகையையும் ஆள் கூலியையும் தூக்கிச் சுமக்க வேண்டும். வாடகை 8,000, உதவிக்கு ஒரு ஆள் 12,000, குளிர்பெட்டிக்குக் கரண்ட் 3,000, பெட்ரோல் 4,500, சில்லறைச் செலவுகளும் ரிப்பேரும் 2,500, ஆக மாதம் 30,000. அதை 15-ஆல் வகுத்தால் 2,000 கிலோ. மாதம் 26 நாள் என்றால் தினம் 77 கிலோ. வகுத்தல் சரிதான். விட்டுப்போனவைதான் பிரச்சினை.

முதலில் விட்டுப்போனது நீ. உன் வீட்டுக்கு மாதம் 20,000 வேண்டும் என்று அக்கா சொன்னாள். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ், வீட்டு வாடகை, மளிகை எல்லாம் கம்பெனிச் சம்பளத்தில் நடந்தது. இனி அது இந்தக் கடையிலிருந்துதான் வர வேண்டும், அல்லது சேமிப்பிலிருந்து போக வேண்டும். "தொடக்கத்தில் எனக்குச் சம்பளம் வேண்டாம் மாமா" என்று நீ சொல்வாய். நீ எழுதாமல் விட்டால் அந்தச் செலவு நின்றுவிடாது, எழுதப்படாமல் போய்க்கொண்டிருக்கும். எனவே மாதச் செலவு 50,000. அதை 15-ஆல் வகுத்துப் பார், தினம் 128 கிலோ.

இரண்டாவது, திரும்பி வரும் பாக்கெட். இதை உன் தாளில் எங்குமே காணோம். இந்தத் தொழிலை அறிந்தவர்கள் முதலில் கேட்பதே இதைத்தான். மாவு உயிருள்ள சரக்கு. பாக்கெட்டுக்குள்ளும் புளித்துக்கொண்டேதான் இருக்கும். சின்னக் கடைகளில் கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் கடை பூட்டும்போது ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. காலையில் நீ போனால் கவர் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். அதை நீதான் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அதற்கான காசைக் கடைக்காரர் கழித்துக்கொள்வார். சித்திரை வெயிலில் இது இன்னும் கூடும்.

நூறு கிலோவுக்கு எட்டு கிலோ திரும்புகிறது என்று வை. எட்டு சதவீதம்தானே என்று தோன்றும். போட்டுப் பார். 100 கிலோ அரைக்க உனக்கு 3,000 ரூபாய் செலவு. விற்றது 92 கிலோ, வந்தது 4,140. மிஞ்சுவது 1,140. அரைத்த கிலோ ஒன்றுக்கு 15 ரூபாய் மிஞ்சும் என்று நினைத்த இடத்தில் 11 ரூபாய் 40 காசுதான். திரும்பியது எட்டு சதவீதம், ஆனால் உன் மிச்சத்தில் கால் பங்கு போய்விட்டது. ஏனென்றால் திரும்பி வந்த பாக்கெட்டில் நீ இழப்பது அந்த 15 ரூபாயை மட்டும் இல்லை, அதற்குள் போட்ட 30 ரூபாயையும் சேர்த்து. இப்போது 50,000-ஐ 11.40-ஆல் வகு. தினம் 169 கிலோ அரைக்க வேண்டும்.

77 எப்படி 169 ஆனது என்று நிதானமாகப் பார். நான் எதையும் பயமுறுத்துவதற்காகக் கூட்டவில்லை. உன் வீட்டுச் சாப்பாட்டையும், திரும்பி வரும் சரக்கையும் மட்டும்தான் சேர்த்தேன். உளுந்து விலை ஏறினால் என்ன ஆகும் என்பதை இன்னும் தொடவே இல்லை. பர்மாவிலிருந்து வரத்து குறைந்தாலோ, நம் பக்கம் அறுவடை நேரத்தில் மழை பிடித்தாலோ உளுந்து கிலோவுக்கு 30 ரூபாய் ஏறுவது மண்டியில் அதிசயமில்லை. 130 என்பது 160 ஆனால் உன் மாவு கிலோவுக்கு இரண்டரை ரூபாய் கூடும். கடைக்கு உடனே விலை ஏற்ற முடியாது, பக்கத்துப் பிராண்டு ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் உன் மிச்சம் 8 ரூபாய் 90 காசு. அப்போது 216 கிலோ அரைத்தால்தான் கட்டுப்படியாகும்.

இங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீ முப்பது கடைகள் பேசி வைத்திருக்கிறாய், கடைக்கு மூன்று கிலோ என்றால் 90 கிலோ. 169 கிலோ அரைத்து 155 கிலோ விற்க ஐம்பதுக்கும் மேற்பட்ட கடைகள் வேண்டும். அத்தனை சுமையை விடியற்காலையில் ஒரு டூ வீலரில் ஏற்றி, பள்ளிக்கூட நேரத்துக்குள் எல்லாக் கடைக்கும் கொண்டு சேர்க்க முடியாது. ஒரு ஆட்டோ அல்லது இன்னொரு ஆள் வேண்டும். அந்தக் கூலியைச் சேர்த்தால் 50,000 என்பது 60,000-ஐத் தாண்டும், கட்டுப்படியாகும் அளவும் மறுபடி மேலே போகும். மாதச் செலவு ஓர் அளவு வரைதான் அசையாமல் நிற்கும். அந்த அளவைக் கடந்ததும் படியேறுவது போல ஒரேயடியாக ஏறும். எந்தக் கிலோவில் அந்தப் படி வருகிறது என்பதை உன் தாளில் குறித்து வை.

இனி இரண்டாவது கணக்கு. நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மூன்று மாதத்துக்கு மூன்று கட்டம் போட்டுக்கொள். ஒவ்வொன்றிலும் அந்த மாதம் கைக்கு வந்த பணம், கையை விட்டுப் போன பணம், அவ்வளவுதான். விற்றது எவ்வளவு என்பது வேறு, கைக்கு வந்தது எவ்வளவு என்பது வேறு. நீ பேசிய கடைகள் 15 நாளுக்கு ஒருமுறை கணக்குத் தீர்ப்பதாகச் சொல்லியிருக்கின்றன. எனவே ஒரு மாதம் விற்றதில் பாதி அதே மாதம் வரும், மறுபாதி அடுத்த மாதம் வரும். ஆனால் அரிசிக்கும் உளுந்துக்கும் நீ அன்றன்றே காசு கொடுக்க வேண்டும். புது ஆளுக்கு மண்டியில் யாரும் உடனே கடன் தரமாட்டார்கள், நானும் தருவதில்லை. உனக்குத் தருவேன் என்பது வேறு. அதை நம்பி நீ கணக்குப் போடக் கூடாது.

முதல் மாதம் தினம் 40 கிலோ அரைக்கிறாய் என்று வைப்போம். புதுப் பெயர் என்பதால் நூற்றுக்குப் பதினைந்து திரும்பும். விற்ற மாவுக்கு ஏறக்குறைய 39,800 ரூபாய் வரவேண்டும், கைக்கு வருவது 19,900. போனது: அரைத்த சரக்குக்கு 31,200, கையிருப்பாக ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்கும் அரிசி உளுந்துக்கு 10,000, மாதச் செலவு 50,000. கழித்துப் பார்த்தால் 71,300 குறைகிறது.

இரண்டாம் மாதம் 70 கிலோ. திரும்புவது பன்னிரண்டு சதவீதமாகக் குறைகிறது. விற்றது 72,000. அதில் பாதியும் போன மாத பாக்கியும் சேர்ந்து 55,900 வரும். சரக்குக்கு 54,600, மாதச் செலவு 50,000. இன்னும் 48,700 குறைகிறது. மூன்றாம் மாதம் 100 கிலோ, திரும்புவது எட்டு. விற்றது ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும், ஊரில் எல்லோரும் உன்னைப் பாராட்டுவார்கள். அந்த மாதமும் கையிலிருந்து 38,200 போகும்.

மூன்றையும் கூட்டினால் 1,58,200. இதுதான் உன் முதல் மூன்று மாதப் பணத் தேவை. மெஷினுக்கும் அட்வான்ஸுக்கும் போன 2,10,000 தனி. நீ அடிக்கோடு போட்ட 1,90,000-இல் மிச்சம் 31,800 என்று ஆகிறது. கடை திறப்பதற்கு முன் ஒரு மாதம் இருக்கிறதே, அதையும் எழுது. வாடகை ஒப்பந்தம் எழுதிய நாளிலிருந்து ஓடும். வணிக மின் இணைப்பு வர வேண்டும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வாங்க வேண்டும், டைல்ஸ் ஒட்டிக் காய வேண்டும், அச்சடித்த கவர் வர வேண்டும். அந்த ஒரு மாதத்துக்கு வாடகை 8,000, வீட்டுக்கு 20,000, ஆக 28,000. மூன்றாம் மாதக் கடைசியில் உன் நான்கு லட்சத்தில் கையில் நிற்பது 3,800 ரூபாய்.

அன்றைக்குக் கிரைண்டர் மோட்டார் காயில் எரிந்தால் என்ன செய்வாய்? வியாபாரம் ஏறுமுகத்தில் இருக்கும், கடைகள் உனக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் தரவேண்டியிருக்கும். ஆனாலும் உன்னால் மறுநாள் மாவு அரைக்க முடியாது. இரண்டு நாள் மாவு வராவிட்டால் கடைக்காரர் உன் இடத்தில் வேறு பிராண்டை அடுக்கிவிடுவார். அப்போதுதான் வீட்டில் இருக்கும் நகை அடகுக்குப் போகும். உன்னைவிட நல்ல மாவு அரைத்தவர்கள் சிலர் அப்படிப் போனதைப் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாம் மாதக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த மாதம் உன் உண்மையான நட்டம் 20,400-தான். ஆனால் கையிலிருந்து போனது 38,200. இடையில் இருக்கும் 17,800 எங்கே போனது? கடைக்காரர்களிடம் நிற்கிறது. போன மாதத்தைவிட இந்த மாதம் அதிகம் விற்றாய், எனவே அதிகம் பாக்கி நிற்கிறது. கடனுக்குக் கொடுக்கும் வியாபாரத்தில் விற்பனை வளர வளர உன் சொந்தப் பணம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். 169 கிலோவை எட்டி நட்டம் நின்ற மாதத்தில்கூட கையில் பணம் இல்லாமல் தவிப்பது இதனால்தான். பிரேக் ஈவன் வந்துவிட்டது என்பதும் பணத் தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

இதை எல்லாம் படித்துவிட்டு யோசனையைக் கைவிட்டுவிடாதே. இதே எண்களை வைத்துக்கொண்டே வேறு வழியில் போகலாம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நீ பார்த்து வைத்திருக்கும் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், வீடுகள் நிறைந்த தெருவின் முனையில் இருக்கிறது. அந்த வாசலையே நீ கணக்கில் எடுக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை, பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்கு அன்று அரைத்த மாவைக் கிலோ 50 ரூபாய்க்கு அளந்து கொடு. கவர் செலவு இல்லாததால் உன் அடக்கம் 28 ரூபாய் 50 காசு. மிஞ்சுவது 21 ரூபாய் 50 காசு. வாங்குபவருக்குக் கடை விலையைவிட ஐந்து ரூபாய் குறைவு. பாக்கெட் திரும்பி வராது, பாக்கி நிற்காது, அன்றைக்கே காசு. ஒரு நாள் மிஞ்சினாலும் மறுநாள் அரைப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். முந்தின நாள் புளித்த மாவை ஊத்தப்பத்துக்கென்று சொல்லி விலை குறைத்தே விற்றுவிடலாம்.

வாசலில் தினம் 60 கிலோ போனால் மாதம் 33,500 ரூபாய் அதிலேயே வந்துவிடும். மீதி 16,500-க்குக் கடைகளுக்கு 56 கிலோ அரைத்தால் போதும். மொத்தம் தினம் 116 கிலோவில் கட்டுப்படியாகிவிடும். 169 எங்கே, 116 எங்கே! இதை உன் டூ வீலரிலும் ஒரே உதவி ஆளை வைத்தும் சமாளித்துவிடலாம்.

மூன்று மாதக் கட்டத்தையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வாசலில் முதல் மாதம் 30 கிலோ, பிறகு 45, பிறகு 60. கடைகளுக்கு 20, 30, 40 கிலோ. முப்பது கடைகளுக்குப் பதில், காலையில் மாவை வைத்தால் மறுநாள் காலை காசு தருகிற கடைகளாகப் பத்துப் பன்னிரண்டு மட்டும். அவை ஃபிரிட்ஜை இரவில் நிறுத்தாத கடைகளாகவும் இருக்க வேண்டும். இரவு கடை பூட்டும் நேரத்தில் ஒரு நடை போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படித் தேர்ந்தெடுத்தால் தொடக்கத்திலிருந்தே திரும்புவது நூற்றுக்கு எட்டுக்குள் நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அரைக்கிற அளவு கிட்டத்தட்ட நீ நினைத்ததேதான், மூன்றாம் மாதம் அதே 100 கிலோ. ஆனால் கையிலிருந்து போவது முதல் மாதம் 37,300, அடுத்த மாதம் 16,000, மூன்றாம் மாதம் 4,600. கூட்டினால் 58,000-க்குள். முந்தைய வழியைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் குறைவு. திறப்பதற்கு முந்தைய மாதத்தின் 28,000-ஐயும் சேர்த்துவிட்டால்கூட, மூன்றாம் மாத முடிவில் உன் கையில் ஒரு லட்சத்துக்கும் மேல் நிற்கும்.

இப்போது நீ கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வாசலில் 30, 45, 60 கிலோ போகும் என்று மாமாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. உனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அட்வான்ஸ் 50,000-ஐக் கொடுக்காதே என்பதுதான் இப்போதைக்கு நான் உன்னிடம் கேட்பது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவை வீட்டு முகவரிக்கே முதலில் வாங்கு. அக்கா வீட்டுக் கிரைண்டரில் சில தடவை போட்டால் தினம் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். நான்கு வாரம் சாயங்காலத்தில் வீட்டு வாசலில் விற்றுப் பார். ஒரு நோட்டுப் போட்டு, யார் வந்தார்கள், எத்தனை கிலோ, எந்தக் கிழமை என்று எழுது. முதல் வாரம் வருகிறவர்களை நம்பாதே. அக்கம்பக்கம் முகத்துக்காக வாங்கும். மூன்றாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் யாரும் சொல்லாமல் தானாகப் பாத்திரத்தோடு வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் எண். ஒரு வீடு வாரத்துக்கு எவ்வளவு வாங்குகிறது என்று அதிலிருந்து தெரியும். 60 கிலோவுக்கு எத்தனை வீடுகள் வேண்டும், நீ பார்த்த தெருவைச் சுற்றி அத்தனை வீடுகள் இருக்கின்றனவா என்று நடந்தே எண்ணிவிடலாம். அமாவாசை, கிருத்திகை நாட்களில் இரவில் பலகாரம் செய்யும் வீடுகள் அதிகம் என்பதால் அன்று மாவு அதிகம் போகும். அந்த நாளை வைத்துச் சராசரி போடாதே. அதே நோட்டில் இன்னொரு பக்கம், ஒவ்வொரு முறையும் போட்ட அரிசி உளுந்தின் எடையையும் வந்த மாவின் எடையையும் எழுது. 12 கிலோ என்ற எண் அங்கேதான் உறுதியாகும். பழைய உளுந்தாக இருந்தால் பொங்கி வராது, 11-க்கு இறங்கும். அப்போது உன் கணக்கு முழுவதும் மாறும்.

கடைகளில் வைக்கத் தொடங்கிய பிறகு திரும்பும் பாக்கெட்டைக் கடைவாரியாக எழுதி வை. மொத்தம் எட்டு சதவீதம் என்று தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே கடையிலிருந்துதான் பாதி திரும்புகிறது என்று தெரிந்தால் அந்தக் கடைக்கு வைப்பதைக் குறைக்கலாம், அல்லது நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தினால் விற்பனை குறைந்த மாதிரி இருக்கும், மிச்சம் கூடும்.

கடைசியாக ஒன்று. எந்த எண்ணைப் பார்த்தால் நிறுத்துவாய் என்பதைக் கடை திறப்பதற்கு முன்பே எழுதி, உன் வீட்டிலும் சொல்லிவிடு. திறந்த பிறகு மனசு இடம் கொடுக்காது, "இன்னும் ஒரு மாதம்" என்று இழுக்கும். நான் சொல்லும் எல்லை இது: மூன்றாம் மாதக் கடைசியில் வாசல் வியாபாரம் 40 கிலோவைத் தாண்டாமல் நின்றால், மாதம் 16,000 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். அப்போது கையில் மீதி ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும், அது ஏறக்குறைய அரை வருஷம் தாங்கும். அந்த நேரத்தில் விலையை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், ஆளைக் குறைத்து நீயே அரைக்கலாம். எதைச் செய்தாலும் அந்தப் பணத்துக்குள் செய். நகையையும் வட்டிக்கு வாங்கிய பணத்தையும் உள்ளே கொண்டுவராதே. மெஷினை விற்றால் பாதி விலையாவது வரும், அட்வான்ஸ் திரும்பி வரும். மாதச் செலவில் போனது மட்டும் ஒருபோதும் திரும்பி வராது.

வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை மாத நோட்டீஸ் என்று பார்த்தாயா? உன் தாளில் அது இல்லை. பதினோரு மாதத்துக்கு முன்னால் காலி செய்தால் அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தால், அந்த 50,000-ஐத் திரும்பி வரும் பணமாக எண்ணாதே. கடை ஓனரிடம் பேசி அதை இரண்டு மாத நோட்டீஸாக மாற்றக் கேள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த தெருவில் வேறு கடை பார்.

சோதனையைத் தொடங்க இட்லி அரிசி ஒரு மூட்டையும் உளுந்து 10 கிலோவும் வியாழக்கிழமை லாரியில் போட்டு அனுப்புகிறேன். காசைக் கணக்கில் எழுது, இலவசமாக வந்ததாக எழுதினால் அடக்க விலை தப்பாகிவிடும். நான்கு வாரம் முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வா. வரும்போது உன் மனைவியையும் அழைத்து வா. வீட்டுச் செலவு 20,000 என்பது அக்கா சொன்ன எண். வீட்டை நடத்துகிறவள் சொல்லும் எண்ணை நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
மாமா